மெஷின் கடன் தவணையைக் குறைக்கக் கேட்கும்போது வங்கி மேனேஜரிடம் எந்தக் கணக்கைக் காட்டுவது?

கேள்வி: கோயம்புத்தூரில் சின்ன சிஎன்சி ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், பம்ப் உதிரிபாகங்கள்தான். மெஷின் கடன் 36 லட்சம், 5 வருடம், 11% வட்டி, தவணை 78,273. 24 தவணை கட்டிவிட்டேன். 10 லட்சத்துக்கு சிசி என்ற கேஷ் கிரெடிட் வரம்பும் உண்டு. பெரிய பார்ட்டி ஆர்டரைக் குறைத்துவிட்டதால் மாத பில் 6 லட்சத்திலிருந்து 4.2 லட்சமாகிவிட்டது. புதிதாக ஒரு வால்வ் கம்பெனியில் சாம்பிள் பாஸ் ஆகியிருக்கிறது, மாதம் 80,000க்கு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். போன தவணையை நகையை வைத்து 12 நாள் தாமதமாகக் கட்டினேன். ஜூன் 5 தவணைக்கு வழியில்லை. மேனேஜரிடம் எப்படிக் கேட்பது? உள்ளதை உள்ளபடி சொன்னால் கடனையே திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

திருப்பிக் கேட்க மாட்டார். முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்வது கணக்கு வாராக்கடன் ஆனபிறகு வரும் பேச்சு, நீங்கள் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை. ஒரு கணக்கு வாராக்கடன் ஆனால் வங்கி அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும், வட்டியை வருமானமாகக் காட்ட முடியாது, மேலிடத்துக்கு மேனேஜர் விளக்கம் எழுத வேண்டும். அதனால் நீங்கள் நிற்காமல் ஓடுவது அவருக்கும்தான் தேவை. நான் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் இந்த மாதிரி விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பு எழுதியவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் கெஞ்சப் போவது மேனேஜரிடம் என்றாலும் முடிவு பெரும்பாலும் அவர் கையில் இல்லை. சிறு குறு நடுத்தரத் தொழில்களின் கடன் சிக்கலாகும்போது என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் ஒரு வழிமுறை கொடுத்தது. 25 கோடி வரையான கடன்களுக்கு அது பொருந்தும். அதன்படி மொத்தக் கடன் வரம்பு 10 லட்சம் வரை இருந்தால் கிளையே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் இதற்கென்று வங்கி வைத்திருக்கும் கமிட்டிக்குப் போக வேண்டும். உங்களுக்கு மெஷின் கடனும் சிசியும் சேர்ந்து அதைத் தாண்டிவிடுகிறது. அதாவது, உங்களை நேரில் பார்த்திராத, உங்கள் யூனிட்டுக்கு வந்திராத நான்கைந்து பேர் ஒரு குறிப்பைப் படித்து முடிவு செய்வார்கள். அந்தக் குறிப்பை எழுதப் போவது மேனேஜரோ கிளையின் கடன் அதிகாரியோ. ஆகவே உங்கள் வேலை மேனேஜரின் மனதை இளக்குவது இல்லை, அவர் அப்படியே எடுத்துக் குறிப்பில் போட்டுக்கொள்ளக்கூடிய கணக்கைக் கையில் கொடுப்பது. நீங்கள் அறையில் இல்லாதபோதும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேச வேண்டும்.

அப்புறம் நாள் கணக்கு. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஜூன் 5 தவணை அன்று இரவு கணக்கு முடிக்கும்போது முழுசாக வரவில்லை என்றால் அன்றே நிலுவை ஆரம்பம், சிக்கல் தெரியும் கணக்கு என்பதற்கான முதல் படியாக எஸ்எம்ஏ-0 என்று குறித்துவிடுவார்கள். அப்படியே கிடந்தால் ஜூலை 5இல் எஸ்எம்ஏ-1, ஆகஸ்ட் 4இல் எஸ்எம்ஏ-2, செப்டம்பர் 3இல் வாராக்கடன். கம்ப்யூட்டர் தானாகச் செய்வது இது, மேனேஜர் நல்லவர் என்பதால் ஒரு நாள்கூட நீளாது. வாராக்கடன் ஆகும்வரை, மிகப் பழைய தவணையைக் கட்டினால் நாள் கணக்கு அடுத்த தவணைக்கு நகர்ந்துவிடும், மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் ஒருமுறை வாராக்கடன் ஆகிவிட்டால் ஒரு தவணை கட்டினேன் என்பது போதாது, நிலுவை அத்தனையும், வட்டியும் அசலும், முழுசாகத் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். இன்னொன்று, இந்த வகைப்படுத்தல் கணக்குக்கு இல்லை, ஆளுக்கு. மெஷின் கடன் வாராக்கடன் ஆனால் ஒழுங்காக ஓடும் உங்கள் சிசியும் கூடவே ஆகிவிடும். அதனால் ஜூன் 5க்கு முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். நிலுவை விழுவதற்கு முன்னால் வந்தவர் என்பது குறிப்பில் ஒரு வரியாக ஏறும், அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

2024இல் உச்ச நீதிமன்றம் இந்த 2016 வழிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் தொழில் நடத்துபவரும் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது, தான் சிறு தொழில் என்பதற்கான ஆவணத்தோடு நேரத்துக்கு முன்வர வேண்டும், எல்லாம் முடிந்து ஏலம் வரைக்கும் போனபிறகு வந்து இதைக் காரணம் காட்ட முடியாது என்றும் சொன்னது. எனவே உத்யம் சான்றிதழின் நகலைக் கடிதத்தோடு கட்டாயம் இணையுங்கள். உத்யம் இல்லையென்றால் இன்றைக்கே ஆன்லைனில் பதிந்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் கொடுத்த எண்களை வைத்து, கொடுக்காத இடத்தில் உத்தேசமாகப் போட்டு ஒரு மாதக் கணக்கைக் கீழே எழுதுகிறேன். உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காமல். இது முக்கியம், ஏனென்றால் பார்ட்டியிடம் வாங்கும் ஜிஎஸ்டி உங்கள் பணம் இல்லை, அதையும் வரவாகக் காட்டிவிட்டு அடுத்த மாதம் 20ஆம் தேதி திணறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நன்றாக ஓடியபோது:
பில் 6,00,000
சம்பளம் 2,05,000
கரண்ட் 65,000
இன்சர்ட், கூலன்ட் 75,000
வாடகை 35,000
வண்டி வாடகை 15,000
ஆடிட்டர், போன், பழுது வேலை 20,000
சிசி வட்டி 9,000
வீட்டுக்கு எடுப்பது 35,000
மிச்சம் 1,41,000

இப்போது:
பில் 4,20,000
சம்பளம் 1,65,000
கரண்ட் 48,000
இன்சர்ட், கூலன்ட் 52,000
வாடகை 35,000
வண்டி வாடகை 12,000
ஆடிட்டர், போன், பழுது வேலை, நகைக்கடன் வட்டி 20,000
சிசி வட்டி 9,000
வீட்டுக்கு எடுப்பது 35,000
மிச்சம் 44,000

தவணை 78,273. கையில் 44,000. மாதம் 34,000 துண்டு விழுகிறது. இந்த ஒரு வரிதான் உங்கள் மொத்த விண்ணப்பத்தின் காரணம், இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

இப்போது உண்மையைப் பற்றி. மேனேஜர் உங்கள் பில் எண்ணை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் நீங்கள் மாதாமாதம் போடும் 3பி ஜிஎஸ்டி ரிட்டர்ன் அவர் கேட்டால் கிடைக்கும், சிசி கணக்கில் விழுந்த வரவு அவர் திரையிலேயே இருக்கிறது. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ரிட்டர்னில் 4.2 லட்சம், சிசியில் வந்தது 2.5 லட்சம் என்றால் மிச்சம் எங்கே போனது என்றுதான் முதல் கேள்வி வரும். வேறு வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு வைத்து அங்கே கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தால் அதை மறைக்காதீர்கள், அந்த ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கொடுத்து, இனி எல்லா வரவும் இங்கேயே வரும் என்று எழுதிவிடுங்கள். வங்கிக்குப் பிடிக்காத விஷயங்களில் வியாபாரம் குறைவது ஒன்றுமே இல்லை, வரவு வேறு பக்கம் திரும்பியிருப்பதுதான் மிக மோசம்.

வீட்டுச் செலவை 10,000 என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வீட்டுக்கு 10,000 என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார், சிரித்துவிட்டு மற்ற எண்களையும் சந்தேகப்படுவார். உள்ளதை எழுதுங்கள். குறைக்க முடியும் என்றால் எதைக் குறைக்கிறீர்கள் என்று சொல்லிக் குறையுங்கள்.

கைமாற்றும் அப்படித்தான். மச்சானிடம் வாங்கியது, ஏலச்சீட்டு எடுத்தது, வெளியே 2 வட்டிக்கு வாங்கியது, நகைக்கடன், எல்லாம் ஒரு தாளில் வரட்டும். நகைக்கடன் சிபிலில் தெரிந்துவிடும், வெளிக்கடன் தெரியாது என்று நினைப்பீர்கள். ஆனால் மூன்று மாதம் கழித்து குறைத்த தவணையையும் கட்ட முடியாமல் போவதற்கு முக்கால்வாசி காரணம் இந்த மறைத்த வட்டிதான். மிச்சம் 44,000 என்று காட்டிவிட்டு அதில் 12,000 வெளி வட்டிக்குப் போனால், நீங்களே உங்கள் திட்டத்தைக் குழிதோண்டிப் புதைத்த மாதிரி.

சிசிக்காக வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் இதில் சேரும். உங்களுக்கு காஸ்டிங் பார்ட்டி கொடுப்பது, அது உங்கள் சரக்கு இல்லை. ஆகவே சிசி பெரும்பாலும் வர வேண்டிய பில்களை வைத்துத்தான் நிற்கும். வழக்கமாக 90 நாளைத் தாண்டிய பில்களை வங்கி கணக்கில் எடுக்காது. பெரிய பார்ட்டி பாக்கி இழுத்துக்கொண்டிருந்தால் அதைப் புது பில் மாதிரிக் காட்ட வேண்டாம். மறுசீரமைப்பு, அதாவது தவணையை மாற்றித் தரும்படி கேட்ட கணக்கில் ஸ்டாக் ஆய்வுக்கு ஆள் அனுப்புவது சாதாரணம், அப்போது பிடிபட்டால் எல்லாம் அங்கேயே முடிந்தது.

இனி எவ்வளவு தவணை கேட்பது. இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் ஆறு மாதம் ஒன்றுமே கட்ட மாட்டேன் என்று கேட்பார்கள். அந்த ஆறு மாத வட்டி அசலில் ஏறும், கமிட்டிக்கோ இவருக்குத் தொழிலில் ஒன்றுமே மிஞ்சவில்லை போலிருக்கிறது என்று படும். சிலர் பயத்தில் 70,000 கட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டு வருவார்கள், இரண்டாம் மாதமே தவறும். மறுசீரமைத்த கணக்கு மறுபடி தவறினால் அடுத்த வாய்ப்பு கிடைப்பது மிகக் கடினம். எனவே மிச்சத்தை 1.2 ஆல் வகுத்து வரும் எண்ணுக்குள்தான் தவணை இருக்க வேண்டும். 100 ரூபாய் தவணைக்கு 120 ரூபாயாவது மிஞ்ச வேண்டும் என்பது இதன் பொருள். வங்கிக்காரர்கள் டிஎஸ்சிஆர் என்று சொல்வது கொஞ்சம் வேறு மாதிரிப் போடும் கணக்கு என்றாலும் சாரம் இதுதான். 44,000ஐ 1.2 ஆல் வகுத்தால் 36,600 சொச்சம். அப்படியென்றால் இப்போதைக்கு 36,000.

இது போதுமா? உங்கள் பாக்கி அசல் சுமார் 23.9 லட்சம், அதற்கு ஒரு மாத வட்டி சுமார் 21,900. ஆக 36,000இல் வட்டி முழுசும் போய், அசலிலும் 14,000 குறைகிறது. இதுதான் உங்கள் பலமே. முதல் நாளிலிருந்தே வட்டி மொத்தமும் கட்டி அசலும் குறைகிறது என்று காட்ட முடிகிற விண்ணப்பத்தை மறுப்பதற்கு வங்கிக்குக் காரணம் கிடைப்பது கஷ்டம். ஒருவேளை உங்கள் உண்மையான மிச்சம் 21,900க்கும் கீழே என்றால் கதை வேறு, அப்போது தவணையைக் குறைப்பது தீர்வு இல்லை, ஒரு மெஷினை விற்பதா என்று யோசிக்க வேண்டிய நிலை அது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த கட்டத்துக்கு வால்வ் கம்பெனி. அவர்கள் 80,000 என்று வாயால் சொன்னது போதாது, பர்ச்சேஸ் ஆர்டரோ குறைந்தபட்சம் சாம்பிள் பாஸ் ஆனதற்கான மெயிலோ வேண்டும். அந்த ஆர்டர் வந்தாலும் 80,000 முழுசும் மிஞ்சாது. மேலே உள்ள இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பில் 1.8 லட்சம் கூடும்போது மிச்சம் 97,000 கூடுகிறது, அதாவது 100 ரூபாய் கூடுதல் வேலைக்கு 54 ரூபாய் நிற்கிறது, மீதி கரண்ட், இன்சர்ட், ஆள் கூலி என்று போய்விடும். இந்த விகிதத்தை நீங்களே கண்டுபிடித்து எழுதினால் படிக்கும் அதிகாரிக்கு உங்கள் மேல் ஒரு மரியாதை வரும், ஏனென்றால் நூற்றில் தொண்ணூறு பேர் புது ஆர்டர் தொகையை அப்படியே லாபமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

புது பார்ட்டி வேலை கொடுத்து, பில் போட்டு, பணம் கைக்கு வர ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதத்திலிருந்தும் 80,000ஐ எடுக்காமல் 50,000 மட்டும் கணக்கில் எடுங்கள். மிச்சம் 27,000 கூடி 71,000 ஆகும், தவணை 55,000 கேட்கலாம். ஒன்றரை வருடம் கழித்து 80,000 முழுசாக வருகிறது என்றால் மிச்சம் 87,000, தவணை 72,000. பழைய பார்ட்டி திரும்பி வருவார் என்று ஒரு ரூபாய்கூட இதில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் வேண்டாம்.

இதைப் போட்டுப் பார்த்தால்:

1 முதல் 6 மாதம்: 36,000 வீதம். முடிவில் பாக்கி சுமார் 23.03 லட்சம்.
7 முதல் 18 மாதம்: 55,000 வீதம். முடிவில் பாக்கி சுமார் 18.76 லட்சம்.
19 முதல் 48 மாதம்: 72,000 வீதம், கடைசித் தவணை மட்டும் கொஞ்சம் குறையும். பாக்கி பூஜ்யம்.

பழைய கணக்கில் இன்னும் 36 மாதம் இருந்தது, இப்போது 48. அதாவது ஒரு வருடம்தான் நீட்டிக் கேட்கிறீர்கள், அதே 11% வட்டியில், தள்ளுபடி எதுவும் கேட்காமல். இதனால் நீங்கள் கூடுதலாகக் கட்டும் வட்டி சுமார் 2.12 லட்சம். அந்த எண்ணையும் கடிதத்தில் எழுதுங்கள். உங்களுக்கு அது செலவு, வங்கிக்கு அது நாங்கள் எதையும் இழக்கவில்லை என்று குறிப்பில் எழுதுவதற்கான வரி.

உங்கள் எண்ணை மாற்றிப் போட எக்ஸெலில் இது போதும். முதல் வரி ஆறு மாதம் கழித்து எவ்வளவு பாக்கி என்று சொல்லும், இரண்டாவது கடைசிக் கட்டத்தில் எத்தனை மாதம் ஆகும் என்று சொல்லும்.

```
=FV(11%/12,6,36000,-2390000)
=NPER(11%/12,-72000,1875735)
```

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தமிழில் எழுதலாம், தாராளமாக வாங்கிக்கொள்வார்கள், ஆனால் கணக்குத் தாளை ஆங்கிலத்திலும் ஒன்று வைத்துவிடுங்கள், மேலே படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"ஐயா, எங்கள் யூனிட்டின் மெஷின் கடனில் இதுவரை 24 தவணைகள் கட்டியுள்ளோம். கடைசித் தவணை 12 நாள் தாமதமானது, அதை நகைக்கடன் வாங்கிக் கட்டினோம். முக்கிய வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைத்ததால் மாத பில் 6 லட்சத்திலிருந்து 4.2 லட்சமாகிவிட்டது. செலவு போக இப்போது மாதம் 44,000 மிஞ்சுகிறது. தற்போதைய தவணை 78,273 என்பதால் ஜூன் மாதத் தவணையை முழுசாகக் கட்ட இயலாது. இணைப்பில் உள்ள அட்டவணைப்படி முதல் 6 மாதம் 36,000, அடுத்த 12 மாதம் 55,000, அதன்பின் 72,000 என்று, தற்போதைய வட்டி விகிதத்திலேயே 48 மாதத்தில் கடனை முழுசாக அடைக்க அனுமதி கோருகிறோம். ஒவ்வொரு மாதமும் வட்டி முழுவதும் செலுத்தப்படும். ரிசர்வ் வங்கியின் சிறு குறு நடுத்தரத் தொழில்களுக்கான மறுசீரமைப்பு வழிமுறையின் கீழ் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். முடிவு வரும்வரை மாதம் 36,000 தவறாமல் கட்டிவருவோம்."

கடைசி இரண்டு வரிகளையும் விட்டுவிடாதீர்கள். வழிமுறையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மேனேஜர் வாய்ப்பேச்சாக வைத்துக்கொள்ள முடியாது, கமிட்டிக்கு அனுப்ப வேண்டும், 5 வேலை நாளுக்குள் என்று அதில் இருக்கிறது. நீங்களாகவே விண்ணப்பிக்கும்போது உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் கேட்பார்கள், அதை நோட்டரியிடம் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் முடிவு வரும்வரை 36,000 கட்டுவேன் என்று எழுதியதைச் செய்துகாட்டுங்கள். நாள் கணக்கு அதனால் நிற்காது, பகுதித் தொகை நிலுவையை அழிக்காது என்பது வேறு, ஆனால் கமிட்டி உட்காரும் நாளில் நீங்கள் கேட்ட தொகையை இரண்டு மாதம் ஏற்கெனவே கட்டியிருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

கடிதத்தோடு ஒரு வருட 3பி, இந்த நிதியாண்டின் கணக்கு, வர வேண்டிய பாக்கிப் பட்டியல் எத்தனை நாள் பழையது என்பதோடு, வெளிக்கடன் பட்டியல், வால்வ் கம்பெனி மெயில், இவ்வளவு போதும். கோவில் பிரசாதம் மாதிரி கட்டுக்கட்டாகக் கொடுக்க வேண்டாம். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், கிளையின் மெயிலுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். மாத முதல் வாரம், கடைசி வாரம், மார்ச் கடைசி, இந்த நேரங்களில் போனால் மேனேஜர் காதே கொடுக்க மாட்டார். மாத நடுவில், மதியம் மூன்று மணிக்கு மேல், முன்னாலேயே போன் பண்ணிவிட்டுப் போங்கள். ஜாமீன் போட்டவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், புது ஒப்பந்தத்தில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டிவரும், கடைசி நேரத்தில் பெரியப்பா முறுக்கிக்கொண்டு நிற்பதால் ஒரு மாதம் இழுத்த கேஸ்களும் உண்டு.

மேனேஜர் வேறு மாதிரிப் பேசலாம். "சிசியில் இருந்து எடுத்துத் தவணையைக் கட்டிவிடுங்களேன்" என்பது ஒன்று. செய்யாதீர்கள். மாதம் 34,000 துண்டை சிசியிலிருந்து நிரப்பினால் ஒரு வருடத்தில் 4 லட்சம் அங்கே மாட்டிக்கொள்ளும், சம்பளத்துக்கும் இன்சர்ட்டுக்கும் பணம் இருக்காது, 90 நாள் தொடர்ந்து வரம்புக்கு மேலேயே நின்றால் அந்தக் கணக்கும் வாராக்கடன்தான். "ஒரு டாப்-அப் போட்டுத் தருகிறேன், பழையதை நேர் பண்ணிக்கலாம்" என்பது இன்னொன்று. கடன் கூடி தவணையும் கூடுகிற இடத்துக்குத்தான் அது கொண்டுபோகும். உங்கள் மிச்சம் 44,000 என்ற தாளை மறுபடி மேஜையில் வைத்து, இதற்குள் எவ்வளவு வருமோ அதைச் சொல்லுங்கள் சார் என்று கேளுங்கள்.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கஷ்டம் என்ற காரணத்துக்காகத் தவணையைக் குறைத்தால் அது மறுசீரமைப்பு, பொதுவான விதிப்படி அப்போதே கணக்கின் தரம் இறங்கும். கொரோனா காலத்தில் தரம் இறக்காமல் செய்ய விட்டார்கள், அந்தச் சலுகைகள் முடிந்துவிட்டன. புது அட்டவணைப்படி சுமார் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகுதான் தரம் மேலே ஏறும். சிபிலிலும் மறுசீரமைத்தது என்று தெரியும், அந்தக் காலத்தில் புது மெஷினுக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டால் கிடைப்பது அரிது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் மேனேஜரிடம் நேராகவே கேளுங்கள்: கணக்கு எந்தத் தரத்தில் நிற்கும், எப்போது ஏறும், சிசி வரம்பைக் குறைப்பீர்களா, வட்டி விகிதம் மாறுமா, செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு. பதிலை முடிந்தால் எழுத்தில்.

இந்த விலை இருப்பதால்தான் எல்லோருக்கும் இது மருந்து இல்லை என்கிறேன். உங்களுக்குத் துண்டு விழுவது ஆர்டர் குறைந்ததால், அது இரண்டு மாதத்தில் சரியாகாது, அதனால் கேட்பது நியாயம். ஆனால் ஒருவருக்கு ஆர்டர் அப்படியே இருந்து, பெரிய பார்ட்டி நான்கு லட்சம் பாக்கியை இழுப்பதால் மட்டும் திணறல் என்றால் மறுசீரமைப்புக்குப் போகவே கூடாது, அவர் துரத்த வேண்டியது அந்தப் பாக்கியை. சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம், இழுத்தடிக்கும் பார்ட்டி மேல் இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். தொடர்ந்து வேலை வாங்க வேண்டிய பார்ட்டி மேல் யார் புகார் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள், வாஸ்தவம்தான். ஆனால் 45 நாளைத் தாண்டிய பாக்கியைக் கொடுக்கும்வரை அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்திருப்பதால், மார்ச்சுக்கு முன் அவர்கள் அக்கவுன்டன்டிடம் மெதுவாக ஞாபகப்படுத்தினாலே சில நேரம் வேலை நடக்கிறது.

மிச்சம் வட்டிக்கே போதாத நிலை என்றால், முன்பு சொன்ன மாதிரி, சும்மா நிற்கும் மெஷினை விற்று அசலைக் குறைப்பதுதான் வழி. கடனுக்கு அடமானமாக இருக்கும் மெஷினை வங்கியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஷெட்டை விட்டு நகர்த்தவே கூடாது. கடன் பிரச்சினையாக இருந்தது போலீஸ் கேஸாக மாறுவது அங்கேதான். விலை பேசியவரின் கடிதத்தோடு போய்க் கேட்டால், பணம் நேராகக் கடன் கணக்கில் விழும் என்ற நிபந்தனையில் பொதுவாக அனுமதிப்பார்கள்.

கமிட்டி நீங்கள் கேட்டதை அப்படியே தராமல் முதல் ஆறு மாதத்துக்கு 40,000 என்று திருப்பி அனுப்பலாம். 44,000 மிச்சத்தில் அது ஒரு மெஷின் பழுதாகும்வரைதான் ஓடும். மறுக்காமல், அப்படியென்றால் 7ஆம் மாதத்தை 50,000 ஆக்குங்கள் என்றோ, வீட்டுச் செலவில் எதைக் குறைத்து அதைச் சமாளிப்பேன் என்றோ எழுத்தில் பதில் கொடுங்கள். மாதக் கணக்குத் தாள் கையில் இருக்கும்வரை இந்தப் பேரம் எண்ணைப் பற்றியதாகவே இருக்கும், உங்கள் யோக்கியதையைப் பற்றியதாக மாறாது.

அனுமதி வந்ததும் புது சாங்ஷன் கடிதத்தில் மூன்று கட்டத் தொகையும் தேதியும் நீங்கள் கேட்டபடி இருக்கிறதா, தாமதமான நாட்களுக்கான அபராதக் கட்டணத்தை அசலில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், அபராதத்தை அசலில் ஏற்றி அதற்கு வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இலேயே சொல்லிவிட்டது. அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று, உங்கள் தவணை வேறு கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும்படி இருந்தால் அந்தப் பழைய உத்தரவு 78,273க்குத்தான் இன்னும் உயிரோடு இருக்கும். கடன் பிரிவில் அட்டவணையை மாற்றியவர் அதை மாற்ற மாட்டார், அது வேறு மேஜை. 5ஆம் தேதி அது போய் மோதித் திரும்பி, இரண்டு பக்கமும் கட்டணம் விழுந்து, புது அட்டவணையின் முதல் தவணையே தவறியதாகப் பதிவாகும். கையெழுத்துப் போட்ட அன்றே பழையதை ரத்து செய்து 36,000க்குப் புது உத்தரவு கொடுத்துவிட்டு வாருங்கள்.